மீன் கீனும் ஒலிநாடாவும்

வாலிநோக்கத்து உப்பளத்துக்கு நாங்கள் எதிரொலிச் சொல் பிடிக்கப் போனோம். நாங்கள் என்றால் மொழியியல் பேராசிரியர், அவருடைய ஒலிப்பதிவுப் பெட்டி, அதைச் சுமக்க நான். அறுபதுகளின் தொடக்கம். மீன் கீன், படகு கிடகு என்று முதலெழுத்தை மட்டும் மாற்றித் திரும்பச் சொன்னால் 'அதுவும் அதுபோல மற்றதும்' என்று பொருள் விரியும் அல்லவா, அதைக் கடற்கரையில் எப்படிச் சொல்கிறார்கள் என்று அவர் கட்டுரை எழுதப்போகிறார். பதிவு தேறினால் அவர் துறையில் என் தற்காலிக ஆசிரியர் வேலை நிரந்தரமாகும். எனக்குப் பேசி வைத்திருந்த பெண்ணின் வீட்டார் அதற்காகத்தான் காத்திருந்தார்கள்.

பேராசிரியர் ஐயாவின் கட்டளை ஒன்றே ஒன்று: கேள்விக்குப் பதில் மட்டும் பதிய வேண்டும், வீண்பேச்சுக்குப் பெட்டியை நிறுத்திவிட வேண்டும்.

உப்பள மேஸ்திரி சலவைச் சட்டை போட்டு வந்து உட்கார்ந்தார். மலாயாவில் வேலை பார்த்துத் திரும்பிய மனிதர். பெட்டி சுழன்றதும் வானொலிச் செய்தி வாசிக்கிற குரல் வந்துவிட்டது. மீன் கீன் என்பீர்களா என்று ஐயா கேட்டார்.

"அதெல்லாம் நாகரிகம் இல்லாத பேச்சுங்க. மீன் என்றுதான் கூறுவோம்."

வலை, உப்பு, படகு, எல்லாவற்றுக்கும் இதே பதில். ஐயா முகம் மலர்ந்து 'இல்லை, இல்லை' என்று குறித்துக்கொண்டார். நான் பெட்டியை நிறுத்தினேன்.

நிறுத்தியதுதான் தாமதம், மனிதர் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு டீ கீ சாப்பிடுறீகளா என்றார். பாத்தி ஓரம் பாம்பு கீம்பு கெடக்கும், பாத்து நடங்க என்றார். மலாய்க்காரன் ஒரு ஆளை ஓராங் என்பான், பல பேர் என்றால் ஓராங் ஓராங் என்று ரெண்டு தரம் சொல்லுவான். நாம வீடு வீடா போனேன்னா ஒவ்வொரு வீடும்னு அர்த்தம், அவன் ருமா ருமான்னா வெறுமனே வீடுக என்றார். ஒரு கட்டுரைக்கு வேண்டியது முழுக்க டீக் கிளாஸோடு வந்து விழுந்தது. என் கை பெட்டியின் பொத்தானுக்குப் போனது.

"தம்பி, நாடா கீடா வீணாயிடப்போகுது," என்றார் ஐயா.

கையை எடுத்துவிட்டேன். பயந்தாங்கொள்ளி.

திரும்பி வரும்போது பேருந்தில் மெல்ல எடுத்துச் சொன்னேன். பதிவில் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் வழக்கில் இல்லை என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். அந்தக் கடற்கரையில் எதிரொலிச் சொல் கிடையாது என்று கட்டுரை வந்தது. கடைசியில் எனக்கு நன்றி போட்டிருந்தார். வேலை நிரந்தரமானது, கல்யாணமும் நடந்தது.

சில வருஷம் கழித்து அதே கட்டுரையை வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தேன். கடலாடிப் பக்கத்து மாணவி ஒருத்தி எழுந்து, எங்க வீட்ல தினம் சொல்லுவாகளே ஐயா என்றாள். உண்மை எனக்குத் தெரியும். மேஸ்திரி நீட்டிய டீயின் சூடுகூட நினைவிருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

"பதிவு கிதிவு ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன்.

அவள் உட்கார்ந்துவிட்டாள்.