மஞ்சள் அக்கா நிறுத்திய கடிகாரம்

கம்பெனியின் கம்ப்யூட்டர் ஹெல்ப்டெஸ்க்கில் அவளுக்கு மஞ்சள் அக்கா என்று பெயர். புகார் வந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் பதில் போயாக வேண்டும். கால் மணி நேரம் மிச்சமிருக்கும்போது, திரையில் அந்தப் புகாரின் வரி மஞ்சளாகி எச்சரிக்கும். உடனே மற்றவர்கள் 'பார்த்துக்கொண்டிருக்கிறோம்' என்ற ரெடிமேட் பதிலைத் தட்டிவிடுவார்கள். அந்த ஒரு மணி நேரத்தை எண்ணும் கடிகாரம் நின்றுவிடும், மேனேஜருக்கும் மனசு குளிர்ந்துவிடும். அக்காவுக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

"பார்க்காமலே பார்க்கிறோம்னு சொல்றதுக்குப் பேரு பதிலா?" என்று சீறிவிட்டு, புகார் கொடுத்தவருக்கு நேரே போன் போடுவாள்.

அன்று காலை சர்வர் படுத்துவிட்டது. நாற்பது வரிகள் ஒன்றாக மஞ்சளாயின. வேறு வழியில்லாமல் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு அத்தனைக்கும் அதே ரெடிமேட் பதிலை அனுப்பினாள். மஞ்சள் மறைந்தது. சர்வர் எழுந்ததும் புகார்களை ஒவ்வொன்றாக மூடினாள். சர்வருக்குச் சம்பந்தமில்லாத ஒன்று மட்டும் அடியில் கிடந்தது. கடிகாரம் நின்றுபோனதால் அது யாரையும் எச்சரிக்கவில்லை.

சாயங்காலம் குடோன் கிளார்க்கிடமிருந்து மெயில் வந்தது: "பிரிண்டர் இன்னும் ஓடலை மேடம். நீங்க எப்பவும் போன் பண்ணுவீங்களேன்னு, சாப்பிடக்கூடப் போகாம உட்கார்ந்திருக்கேன்."

மெயில் வந்ததும் அந்தப் புகாரின் வரியில் கடிகாரம் புதிதாக ஓடத் தொடங்கியது. இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்றது திரை. அக்கா அதற்குள் குடோன் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தாள்.