சாலை பஜாரில் பாதிக் கதைகள்

2003 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை எட்டு மணிக்கு நானும் மகள் நித்யாவும் நாகர்கோவில் வடசேரியில் திருவனந்தபுரம் பேருந்தில் ஏறினோம். சுமார் எழுபது கிலோமீட்டர். திங்கள்கிழமை அவள் கையை டாக்டரிடம் காட்ட வேண்டும். அதற்கு முந்தின இரவு அக்கா வீட்டில் தங்குவதாக ஏற்பாடு.

பிப்ரவரியில் அவள் போன பள்ளி வேன் கால்வாயில் சரிந்தது. எல்லாக் குழந்தைகளும் பிழைத்தார்கள். நித்யாவுக்கு வலது கையில் எலும்பு முறிவு. எலும்பு கூடிவிட்டது. ஆனால் சாப்பிடும்போதுகூடப் புத்தகத்தைக் கீழே வைக்காத பன்னிரண்டு வயதுப் பெண், அதற்குப் பிறகு பாடப்புத்தகம் தவிர எதையும் திறக்கவில்லை. வேன் சரிந்தபோது அவள் கையில் ஒரு கதைப் புத்தகம் இருந்தது. நானோ எந்த வண்டியில் ஏறினாலும் ஓட்டுநருக்குச் சமமாகச் சாலையைப் பார்த்துக்கொண்டு வருபவளாக ஆகிவிட்டேன்.

அன்றும் அவளைச் சன்னலோரம் உட்கார விடவில்லை. நடத்துநர் பார்த்தார்.

"ஜன்னல் பக்கம் சும்மாதானே கெடக்கு. குட்டி அங்க இருந்தா காத்து வருமே."

"வேண்டாம், இங்கேயே இருக்கட்டும்."

"செரி. எங்க இருந்தாலும் வண்டி தம்பானூருக்குத்தான் போகும், கேட்டேளா."

நித்யா சிரிக்கவில்லை. மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை என்று ஒவ்வொரு ஊராக என் கண்ணாலேயே பேருந்தை இழுத்துக்கொண்டு போனேன். பத்தரைக்குத் திருவனந்தபுரம் தம்பானூர் பேருந்து நிலையத்தில் இறங்கியபோது கழுத்து வலித்தது.

அக்கா பகவதியின் வீடு சாலை பஜாரில். கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய கடைத்தெரு அது. அத்தானுக்கு மல்லி, மிளகாய் மொத்த வியாபாரம். கீழே கடை, மேலே மூட்டைகள் அடுக்கும் கிட்டங்கி, பின்னால் வீடு. தொலைபேசியிலேயே அக்கா சொல்லியிருந்தாள்: "ஞாயித்துக்கிழம சாயங்காலம் நம்ம கிட்டங்கியில கதைக்கூட்டம் உண்டு. நீ படிச்ச புஸ்தகம் ஒண்ணு கொண்டு வரணும். படிக்காததக் கொண்டு வந்தா மானம் போயிரும்."

இந்த மூன்று மாதங்களில் நான் படித்திருந்தது ஒரே ஒரு புத்தகம். கால்வாயிலிருந்து வந்த அதே புத்தகம். ஆஸ்பத்திரிச் சன்னலில் காயவைத்து, அவள் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். தண்ணீர் குடித்த தாள்கள் அப்பளம் போல் நெளிந்திருக்கும். அதை நித்யாவுக்குத் தெரியாமல் பைக்குள் வைத்திருந்தேன்.

மாலை ஐந்து மணி. கிட்டங்கியில் மூட்டைகள்தான் இருக்கைகள். மிளகாய் நெடியில் ஆளாளுக்குத் தும்மினார்கள். பதினைந்து இருபது பேர் இருக்கும், பாதி பெரியவர்கள். கூட்டத்தை நடத்துபவர் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஷைலஜா, மின்வாரியக் குமாஸ்தா. மலையாளம் கலந்த தமிழில் எனக்கு முறையை விளக்கினார்.

"இங்கே சும்மா இருந்து பாக்கிறதுக்கு யாரும் வரக்கூடாது. அம்மாமாரும் கதை பறயணும். கதையைப் பாதியிலே நிறுத்தணும். அப்போ ஆரு 'பின்னே?' எண்ணு கேட்கிறாங்களோ, புஸ்தகம் அவங்களுக்கு. நிறைய பேர் கேட்டா சின்ன ஆளுக்கு முதல்ல. ரெண்டு கூட்டம் கழிஞ்சு திருப்பிக் கொண்டு வரணும். கொண்டு வரும்போ அதிலே பிடிக்காத ஒண்ணைச் சொல்லணும்."

"பிடிச்சதைச் சொல்ல வேண்டாமா?"

"பிடிச்சது எண்ணு பிள்ளைகள் பயத்திலே சொல்லும். பிடிக்காததைச் சொல்லணும்னா வாசிச்சே ஆகணும், அல்லே?"

இன்னொரு முறையும் உண்டு. இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளில் பலர் மலையாளப் பள்ளியில் படிக்கிறார்கள். தமிழ் பேசுவார்கள், எழுத்து தெரியாது. அப்படிப்பட்ட ஒருவருக்குத் தமிழ்ப் புத்தகம் போனால், தெரிந்த ஒருவர் வாசித்துக்காட்ட வேண்டும். பதிலுக்கு அவர் ஒரு மலையாளப் புத்தகம் வாசித்துக்காட்டுவார். யாரும் யாருக்கும் ஆசிரியர் இல்லை. கொடுக்கல் வாங்கல்தான்.

அத்தான் முதலில் எழுந்தார். ஒரு துப்பறியும் கதையைச் சொல்லி, பூட்டிய அறையின் கதவை உடைக்கும் இடத்தில் நிறுத்திவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான்கு பக்கமிருந்தும் "பின்னே?" என்று சத்தம். புத்தகம் ஓர் எட்டாம் வகுப்புப் பையனுக்குப் போனது. என் முறை வந்தது.

நெளிந்த புத்தகத்தை வெளியே எடுத்தேன். நித்யா அதைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். சர்க்கஸ் கூடாரத்தில் திருட வந்த ஒருவன் அகப்படாமலிருக்கக் கோமாளி வேடம் போடுகிறான். சனங்கள் சிரிக்கிறார்கள். முதலாளி அவனை வேலைக்கே வைத்துக்கொள்கிறார். ஆனால் அவன் கண் முதலாளியின் பூட்டிய பெட்டி மேலேயே இருக்கிறது. இங்கே நிறுத்தியிருக்க வேண்டும். எல்லோரும் கவனமாகக் கேட்ட அந்த அமைதி எனக்குத் தைரியம் கொடுத்துவிட்டது. கடைசி ஆட்டத்து இரவில் அவன் பெட்டியைத் திறந்ததையும், உள்ளே முதலாளி இளவயதில் போட்ட கோமாளி மூக்கு மட்டும் இருந்ததையும், அவன் அங்கேயே தங்கிவிட்டதையும் சொல்லி முடித்தேன்.

யாரும் "பின்னே?" கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

அத்தான் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏ சுசீலா, சாம்பிள்னா ஒரு பிடி அள்ளிக் காட்டணும். மூட்டைய அவுத்துத் தட்டுனா எவன் வாங்குவான்?"

எல்லோரும் சிரித்தார்கள். கேலியில் குத்தல் இல்லை. ஆனால் விதி விதிதான்: யாரும் கேட்காத புத்தகம், கொண்டுவந்தவரோடு திரும்பிப் போக வேண்டும். அந்தப் புத்தகம் மறுபடி என் பைக்குள் போவதை நான் விரும்பவில்லை. ஷைலஜா அதை மூட்டை மேலிருந்து எடுத்து என்னிடம் நீட்டினார்.

"கதை அப்பிடி முடியாது," என்றாள் நித்யா.

உட்கார்ந்த இடத்திலிருந்தே, தரையைப் பார்த்தபடி சொன்னாள். "அம்மா தப்பாச் சொல்லிட்டாங்க. பெட்டியில வேற ஒண்ணு இருக்கு."

"பின்னே?" என்று ஒரு மூட்டைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. எதிர்வீட்டு அம்மு, ஒன்பது வயது. "பெட்டியில என்ன உண்டு? பறயு!"

"படிச்சாத் தெரியும்."

"எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதே!"

ஷைலஜா புத்தகத்தை அம்முவின் கையில் வைத்துவிட்டு நித்யாவைப் பார்த்தார். அவள் அம்மு பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு வாசிச்சுக் காட்டறேன்."

திங்கள்கிழமை காலை டாக்டர் கையை மடக்கி நீட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார். அன்றே திரும்புவதாக இருந்தோம். அக்கா விடவில்லை. மாலையில் கிட்டங்கி மாடிப்படியில் நித்யாவும் அம்முவும் உட்கார்ந்தார்கள். முதலில் அம்மு ஒரு மலையாள முதலைக் கதையை வாசித்தாள். பிறகு நித்யாவின் குரல். மெதுவாக, திணறித் திணறி, பிறகு ஓட்டமாக. நானும் அக்காவும் அடுக்களையில் பயத்தங்காய் ஒடித்துக்கொண்டிருந்தோம். நான் ஒடித்ததைவிடக் காது கொடுத்ததுதான் அதிகம்.

"அழாத பிள்ளே," என்றாள் அக்கா. "பயத்தங்காயில உப்பு கூடிரும்."

விளக்கு வைக்கும் நேரத்தில் படியிலிருந்து ஓர் அலறல். "எடி கள்ளி! ஆன்ட்டி சொன்னதுதானே இது! மூக்குதானே இருக்கு! பற்றிச்சு, என்னைப் பற்றிச்சு!"

ஏமாற்றிவிட்டாள் என்று அம்மு கத்த, அதற்கு மேலாக இன்னொரு சத்தம் கேட்டது. பிப்ரவரிக்குப் பிறகு நான் கேட்காத சத்தம். நித்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"முழுசாக் கேட்டாச்சுல்ல? இப்ப என்ன!"

"அடுத்த கூட்டத்திலே பிடிக்காததைச் சொல்லுவேன். உன்னைத்தான் சொல்லுவேன்!"

செவ்வாய்க்கிழமை காலை புறப்பட்டோம். நெளிந்த புத்தகம் அம்முவிடமே இருந்தது. அதற்கு மாற்றாக, பேய் பிடித்த ஒரு கலங்கரை விளக்கத்தின் கதையை ஷைலஜா கொடுத்தனுப்பினார். "எங்க தெருவிலும் இப்படி ஒரு கூட்டம் தொடங்கணும்," என்று அவரிடம் சொன்னேன். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் புத்தகம் உண்டு, கண்ணாடி அலமாரியில், பூட்டோடு.

"தொடங்குங்க. ஆனா நீங்க கதை சொல்லாதீங்க," என்றார் ஷைலஜா.

பேருந்தில் நித்யா என்னைக் கேட்காமலே சன்னலோரம் உட்கார்ந்தாள். வண்டி நகர்ந்ததும் புத்தகத்தைத் திறந்தாள். நான் வழக்கம்போல எதிரே வரும் லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாலராமபுரம் தாண்டியதும் அவள் என் தோளைத் தட்டி, படித்தவரை கதையைச் சொல்லத் தொடங்கினாள். விளக்கு தானாக அணைகிறது. காவல்காரன் ஏணியில் ஏறுகிறான். மேலே யாரோ மூச்சு விடும் சத்தம்.

அங்கே நிறுத்திவிட்டாள்.

"பின்னே?" என்றேன்.

புத்தகத்தை என் மடியில் வைத்துவிட்டு, வெளியே பார்க்கத் திரும்பிக்கொண்டாள். நான் புத்தகத்திலிருந்து தலை நிமிர்ந்தபோது மார்த்தாண்டம் தாண்டியிருந்தது.