உப்புச் சுவரை ஒட்டிய கிணறு

வெளிநாட்டு எண்ணெய் வயல் ஒன்றின் வரைபடம் எங்கள் கொல்கத்தா அலுவலகத்துக்கு வந்தது. பூமிக்கடியில் பாறைப் படிவுகளைத் துளைத்து எழுந்த உப்புக் குவிமாடம் பக்கத்து அடுக்குகளை மேல்நோக்கி வளைத்திருந்தது. அவற்றின் வழியே ஏறும் எண்ணெய் உப்பில் முட்டித் தேங்கும். அதை ஒட்டியே கிணற்றுக்கு இடம் குறித்தேன்.

"சார், உப்போட தலைப்பக்கம் குடை மாதிரி வெளியே விரிஞ்சிருக்கு, ஒட்டிப் போட்டா அதுலதான் இறங்கும். கொஞ்சம் தள்ளிப் போடலாமே," என்றாள் என் இளநிலை அதிகாரி.

"ஆட்சேபம் சொல்ற தேதி நேத்தோட முடிஞ்சுதும்மா."

துளைத்தபோது உப்புதான் வந்தது. 'உரிய காலத்தில் ஆட்சேபம் எதுவும் வரவில்லை' என்று அறிக்கை எழுதினேன். ஓர் எழுத்தும் பொய்யில்லை. அவளிடமே கையெழுத்துக்கு நீட்டினேன்.

படித்துவிட்டு, "பேனா இருக்கா சார்?" என்றாள்.

ஓய்வுபெற்ற பிறகும், லேக் மார்க்கெட்டில் அவளைக் கண்டால் வேறு சந்தில் திரும்பிவிடுகிறேன்.