பத்தாம் வளைக்குப் பாட்டு

எந்தப் பாட்டையும் ஒரு தரம் கேட்டால் மறுதரம் பாடிவிடுவேன் என்று பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை நம்பித்தான் அண்ணி என்னிடம் வந்தார்.

சீனியர் சோதனை எழுதிவிட்டு, முடிவு வரும்வரை வெள்ளவத்தை வீட்டில் சும்மா இருக்க முடியாமல் நான் உலாத்திக்கொண்டிருந்த காலம் அது. உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது; அரிசி கூப்பனுக்குத்தான். எங்கள் வீட்டுப் பின்பக்கம் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். ரயில் வரும்போது பேசிக்கொண்டிருப்பவர்கள் வாயை மூடி, அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார்கள். கிணற்றடியில் அப்படி ஒரு ரயில் போய் முடிந்ததும் அண்ணி கேட்டார்:

"தங்கச்சி, எனக்கு ஒரு பாட்டு முழுசாக் கண்டுபிடிச்சுத் தருவியா?"

அண்ணி கொட்டாஞ்சேனைப் பெண். அவருடைய தகப்பன் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து கடை வைத்தவர். தாய் இல்லை; சித்திதான் வளர்த்தவர். நாங்களோ யாழ்ப்பாணத்து ஆட்கள். இரண்டு வீட்டிலும் தமிழ்தான் பேசினோம் என்றாலும், அண்ணி வந்த புதிதில் அவர் சொன்னதில் பாதி எங்களுக்கும் நாங்கள் சொன்னதில் பாதி அவருக்கும் விளங்கவில்லை. வளைகாப்பும் அப்படித்தான். "எங்கடை ஆக்களிட்டை உது இல்லை. வயிறு வந்தால் வேளைக்குச் சாப்பிட்டுப் படுக்கிறதுதான் சடங்கு" என்பது அம்மாவின் கட்சி.

தலைப்பிள்ளைக்கு மட்டும் செய்கிற சடங்கு அது. அண்ணிக்கு ஒரு தரம் நடந்திருந்தது. அந்தப் பிள்ளை தங்கவில்லை. ஆகவே இந்த ஏழாம் மாதத்தில் மறுபடியும் வளை போட வேண்டும் என்று சித்தி பிடிவாதமாக நின்றார்.

"வளைகாப்புப் பாட்டு மாசத்துக்கு ஒண்ணு," என்றார் அண்ணி. "ஒரு வளை போடுவாங்க, ஒரு பாட்டுப் பாடுவாங்க. சுமக்கிறது பத்து மாசம்தானே? போன தடவை ஒம்பதோட நிறுத்திட்டாங்க. பத்தாவது வளையைப் பேசாம மாட்டிட்டு எல்லாரும் சாப்பிட எழும்பிட்டாங்க. நான் எண்ணிக்கிட்டே இருந்தேன். பாட்டு அரைகுறையா நின்னுச்சு, பிள்ளையும் நின்னிடுச்சு. இந்தத் தடவை ஒரு வரி குறைஞ்சாலும் நான் கையை நீட்ட மாட்டேன்."

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். கை மட்டும் வாளியின் கயிற்றை விடவில்லை.

அடுத்த நாளே ரயிலில் கோட்டைக்குப் போய், டிராம் பிடித்து, செட்டியார் தெருவைத் தாண்டி நடந்தேன். கொட்டாஞ்சேனையில் சித்தியின் வீடு ஒரு ஒடுக்கமான சந்துக்குள். ஒரு வீட்டில் தாளித்தால் ஆறு வீட்டில் தும்முவார்கள்.

சித்தி முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பாடிக் காட்டினார். ஒருவர் இரண்டு வரி பாட, மற்றவர்கள் ஒரே அடியைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அந்த அடி முடிவதற்குள் வளை மணிக்கட்டைத் தாண்டிவிட வேண்டும். அதற்காகத்தான் மெட்டு மெதுவாகப் போகிறது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. கண்ணாடி வளையை அவசரமாகத் தள்ளினால் உடைந்துவிடும்.

*ஒன்றாம் வளை உன் கைக்கு, ஒளிஞ்சிருந்த முதல் மாசம்,*
*கண்டவர் யாருமில்லை, கருவே நீ வாழ்க.*

*வளைச் சத்தம் கேட்டு வளர்வாய், வளர்வாய்.*

*மூணாம் வளை உன் கைக்கு, முகம் சுளிச்ச மூணாம் மாசம்,*
*புளி மாங்காய் கேட்டவளே, புது மலரே வாழ்க.*

*அஞ்சாம் வளை உன் கைக்கு, அசைஞ்சு பார்த்த அஞ்சாம் மாசம்,*
*நெஞ்சோடு கையை வச்சு நீ சிரிச்சே, வாழ்க.*

வரிகள் எனக்கு உடனே பிடிபட்டுவிட்டன. ஏழு வரைக்கும் நடந்து முடிந்த கதை. எட்டிலிருந்து இனி நடக்க வேண்டியது. எட்டாம் மாதத்தில் நல்ல காரியம் எதுவும் செய்ய மாட்டார்களாம். அதனால் எட்டையும் ஒன்பதையும் மூச்சு விடாமல் ஒன்றாகப் பாடிவிட வேண்டும். ஒன்பது இப்படி முடிந்தது:

*தாய் வேறு சேய் வேறாய்த் தனித்தனியே வாழ்க.*

சித்தி முறத்தை எடுத்துப் புடைக்கத் தொடங்கினார்.

"பத்தாவது, சித்தி?"

"அது இல்லைடி."

"மறந்து போச்சுதோ?"

"இல்லைன்னா இல்லை. காப்பி குடிக்கிறியா?"

பத்து நாளாய்ச் சந்தில் வீடு வீடாகப் போனேன். இடியப்பம் அவிக்கிற அக்கா, கடைக்காரர் மனைவி, கொச்சிக்கடையில் வளையல் விற்கிற அம்மா என்று எல்லாரும் பாடினார்கள். நாலாம் மாதத்தில் ஒருத்தி சாம்பல் தின்றாள், இன்னொருத்தி நார்த்தங்காய் தின்றாள். ஆனால் எல்லாரும் ஒன்பதில் நின்றார்கள். ஒரே பாட்டின் வாலை இத்தனை பேருமா மறப்பார்கள்?

கிடைக்காவிட்டால் என்ன, நானே கட்டிவிடுகிறேன் என்று திரும்பும் ரயிலில் முடிவு செய்தேன். தெஹிவளைக்குப் போகிற ஒரு கிழவர் என்னைப் பார்த்துப் பார்த்து இடம் மாறி உட்கார்ந்தார். அவ்வளவு முணுமுணுத்திருக்கிறேன். இரண்டு நாளில் பத்தாம் வளை தயார். தங்கத் தொட்டில், பட்டுக் கயிறு, எதுகை மோனை ஒன்றும் குறையவில்லை. அதைச் சித்தியிடம் பாடிக் காட்டப் போனேன். "தொட்டிலிலே" என்ற சொல் வந்ததோ இல்லையோ, சித்தி மாவுக் கையால் என் வாயைப் பொத்தினார்.

"வாயைக் கழுவுடி! வராத பிள்ளைக்குத் தொட்டிலா? வெறுந்தொட்டிலை ஆட்டக்கூட மாட்டோம், நீ பாட்டிலேயே ஆட்டுறியா?"

முகமெல்லாம் மாவோடு வாசலில் நின்றேன். பாட்டு முழுதாக இல்லாவிட்டால் அண்ணி கையை நீட்ட மாட்டார். முழுதாகப் பாடினால் சித்தி வளையே போட விடமாட்டார்.

அப்போதுதான் அடுத்த வீட்டிலிருந்து அந்த மெட்டு வந்தது. கதவருகில் ஒரு இளம் பெண் சேலைத் தூளியை ஆட்டிக்கொண்டிருந்தாள். கையில் ஒரே ஒரு பச்சை வளை.

*பத்தாம் வளை என் கைக்கு, பக்கத்தில் நீ படுத்த மாசம்,*
*ஒழுகுற கூரைக்குக் கீழே ஒழுகாம நீ தூங்கு.*

நான் பாய்ந்து போனேன். "அக்கா! இதுதானே பத்தாவது! இதைத்தானே இரண்டு கிழமையாய்த் தேடுறன்!"

"மெதுவாப் பேசு, இப்பத்தான் கண்ணை மூடுறான். இது என்னுது. உனக்கு வேணும்னா நீ பெத்துப் பாடு."

உள்ளேயிருந்து அவளுடைய மாமியார் சிரித்த சிரிப்பில் பிள்ளை விழித்துக்கொண்டது.

"உன் கைக்கு" என்று போன பாட்டு "என் கைக்கு" என்று மாறியிருந்ததை நான் வீதிக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். உடனே திரும்பி ஓடி, மறுபடியும் வீடு வீடாக ஏறினேன். இந்தத் தரம் கேள்வி வேறு: பிள்ளை பிறந்ததும் நீங்கள் என்ன பாடினீர்கள்? இடியப்பக்கார அக்காவின் பத்தாம் வளையில் துறைமுகத்துச் சங்கு ஊதியது, அப்பா மூட்டை இறக்கிவிட்டு வந்தார். கடைக்காரர் மனைவியுடையதில் ஒரு பூனை வந்தது. ஒன்றைப்போல ஒன்று இல்லை. பேறு முடிந்ததும் வளைகளைக் கழற்றி மருத்துவச்சிக்குக் கொடுப்பார்களாம். பத்தாவதை மட்டும் தாய் வைத்துக்கொள்வாள். அதற்குரிய பாட்டை அவளேதான் கட்ட வேண்டும்.

"இதை ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை?" என்று சித்தியிடம் சண்டைக்குப் போனேன்.

"நீ வளைகாப்புப் பாட்டைத்தானே கேட்டே? இது தாலாட்டு."

"அண்ணிக்காவது சொல்லியிருக்கலாமே?"

சித்தி முறத்தைக் கீழே வைத்தார். "வளை கழட்டுறப்போதான் சொல்றது வழக்கம். நாலு பேர் சிரிச்சுக்கிட்டுச் சொல்லுவோம். அன்னிக்கு அவகிட்ட எந்த வாயால போய்ச் சொல்ல?" பிறகு, "இப்பவும் முன்கூட்டிச் சொல்லக் கூடாது. நீயும் சொல்லாதே," என்றார்.

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அதே வாயோடு பக்கத்து வீட்டுக்குப் போய், பச்சை வளைக்காரியிடம் ஒன்று கேட்டேன்.

வளைகாப்பு அன்று எங்கள் வெள்ளவத்தை வீடு சந்தனமாய் மணத்தது. அண்ணியை மணையில் இருத்தி, கன்னத்திலும் கையிலும் சந்தனம் பூசி, குங்குமம் வைத்தார்கள். முதலில் வேப்பங்கொழுந்தை வளைத்துக் கட்டிய காப்பு. பிறகு சிவப்பும் பச்சையும், கண்ணேறு படாமலிருக்க இடையிடையே கறுப்பும். சுமங்கலிகள் ஒவ்வொருவராய் வந்து, அண்ணியின் விரல்களைக் குவித்துப் பிடித்து, ஆளுக்கொரு வளை ஏற்றினார்கள். பாட்டை நான் எடுத்துக் கொடுத்தேன். மூன்றாம் வளைக்கு, சமையல் நடந்த குசினிக் கதவில் ஒரு தலை தெரிந்தது. ஐந்தாம் வளைக்கு "வளர்வாய், வளர்வாய்" என்ற கூட்டத்தில் யாழ்ப்பாணத்துக் குரல் ஒன்று கலந்தது. நான் திரும்பிப் பார்த்ததும் அம்மா, "என்ன பாக்கிறாய்? பாட்டைக் கவனி," என்றார்.

எட்டையும் ஒன்பதையும் ஒரே மூச்சில் முடித்தேன். தாய் வேறு, சேய் வேறு. கூட்டம் அடியைத் திருப்பிச் சொல்லி ஓய்ந்தது. சித்தி பத்தாவது வளையை எடுத்தார். அண்ணி கையை மடக்கிக்கொண்டார்.

"பாட்டு?" என்று என்னைத்தான் கேட்டார். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

நான் அண்ணிக்குப் பக்கத்தில் பச்சை வளைக்காரியை உட்கார வைத்திருந்தேன், மடியில் பிள்ளையோடு. அவள் யாரையும் பார்க்காமல், பிள்ளையைத் தட்டிக்கொண்டே தன் பாட்டைத் தொடங்கினாள். பத்தாம் வளை என் கைக்கு, பக்கத்தில் நீ படுத்த மாசம். பிறந்த பிள்ளைக்குப் பாடுகிறாள். அதற்கு யார் என்ன சொல்ல முடியும்? சித்தி என்னை முறைத்தார். முறைத்தாரே தவிர நிறுத்தச் சொல்லவில்லை.

அண்ணி முதலில் அவளைப் பார்த்தார். பிறகு அவள் கையிலிருந்த ஒற்றை வளையை. ஒழுகுற கூரை என்று வந்தபோது புருவம் சுருங்கியது. "இந்தப் பாட்டு இவளோடது, அப்ப எனக்கு..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். அந்த நேரம் பார்த்து ரயில் வந்தது. வளைகள், கண்ணாடி யன்னல், ஆலாத்தித் தட்டு எல்லாம் சேர்ந்து அதிர்ந்தன. யாரும் பேச முடியாத அந்தச் சத்தத்துக்குள் அண்ணி மெல்ல விரல்களைக் குவித்துச் சித்தியிடம் நீட்டினார்.

"கெட்டிக்காரிதான்," என்று சித்தி பிறகு என் இலையில் புளிச்சாதம் பரிமாறும்போது சொன்னார். "ஆனா வாயாடி."

அதன்பின் அண்ணிக்கு உதடு ஓயவில்லை. துணி மடிக்கும்போதும் கிணற்றடியிலும் ஏதோ முணுமுணுப்பார். நான் கிட்டப் போனால் நிறுத்திவிடுவார்.

"ஒரு வரி சொல்லுங்கோ அண்ணி. நான்தானே தேடித் தந்தனான்!"

"உனக்கெதுக்கு? நீ பெத்துப் பாடு."

பெண் பிள்ளை பிறந்தது. தாய் வேறு, சேய் வேறு, இருவரும் சுகம். தொட்டில் கட்டிய அன்று அண்ணி எல்லாரையும் அறைக்கு வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் கதவில் காதை வைத்தேன். அம்மா என் பின்னால் நின்று, "வெக்கமில்லையே உனக்கு?" என்றார். ஆனால் அவரும் போகவில்லை.

"பத்தாம் வளை என் கைக்கு," என்று அண்ணி தொடங்கினார். தெஹிவளைப் பக்கமிருந்து ரயில் வந்துவிட்டது.