மேனேஜர் சாரின் பச்சைப் பெயர்

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அந்த அலுவலகத்தில் கணினி ஒன்று, அதைத் தொடத் தெரிந்த ஆள் நான் ஒருத்தி. மலையாளம் கலந்த தமிழ் பேசும் அதியன்னூரில் ரப்பர் மிதியடி செய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் சிறிய கம்பெனி. அம்பூரிப் பக்கத்திலிருந்து ரப்பர் ஷீட் ஜீப்பில் வந்து இறங்கும். தொண்ணூறுகளின் கடைசி. பாறசாலையிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கியதும் மோடத்தை இணைத்து, அது கத்தி முடியும்வரை காத்திருந்து, மெயில் பார்ப்பதுதான் என் முதல் வேலை.

மெயில்களின் ஆங்கிலம் மேனேஜர் சாருடையது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். அவர் தாளில் எழுதித் தருவார், நான் தட்டச்சு செய்து அனுப்புவேன். ஒரு காற்புள்ளி விட்டுப்போனாலும் கூப்பிட்டு நிற்கவைப்பார். எனக்கு அவரைப் பிடிக்காது. அப்போதெல்லாம் எனக்கு மூக்கின் மேல்தான் கோபம்.

மெயிலுக்குக் கீழே தானாகவே பெயர் வந்து விழும்படி செய்யலாம் என்று நான் வாய்விட்டு உளறியதில்தான் எல்லாம் தொடங்கியது.

"அப்படியா? அப்பம் எனக்க பேரு பச்சையில வரணும். பச்ச மையில ஒப்பு போட்டதுபோல."

பச்சை மை என்றால் எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டாம். கெசட்டட் ஆபீசர்கள் மட்டும் கையெழுத்துப் போடும் மை. வேலையை விட்டுவந்த பிறகும் பவிசு போகவில்லையே இவருக்கு என்று நினைத்துக்கொண்டேன். அந்த எரிச்சலில், நிறப் பட்டியலில் இருந்ததிலேயே கண்ணைப் பறிக்கும் கிளிப்பச்சையை எடுத்தேன். எழுத்துக்கு, டிடிபி மென்பொருளோடு எங்கள் கணினிக்குள் வந்திருந்த வளைந்து நெளிந்த கல்யாணப் பத்திரிகை எழுத்துரு. வேண்டுமென்றேதான் செய்தேன். அவர் திரையைப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மீண்டும் பார்த்து, "கொள்ளாம்" என்றார். ஒரு வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது அன்றுதான்.

மூன்று வாரம் கழித்து ஜெர்மனியில் எங்கள் பெரிய வாடிக்கையாளரான அம்மாளிடமிருந்து ஃபேக்ஸ் வந்தது. எங்கள் மெயிலை அச்சிட்டு அதையே அனுப்பியிருந்தார். விலை, அளவு எல்லாம் தெளிவாக இருந்தன. கீழே பெயர் இருக்க வேண்டிய இடத்தில், அழிரப்பர் தேய்த்த பென்சில் கோடுபோல ஏதோ ஒன்று. ஓரத்தில் கையால் எழுதியிருந்தார்: இதில் யார் கையெழுத்திட்டிருக்கிறார்கள்? எங்கள் கோப்புக்குப் பொறுப்பாளர் பெயர் வேண்டும்.

முதலாளி ஃபேக்ஸை என் மேசையில் போட்டார்.

"இது என்ன கோலமாக்கும்? சாருக்க பேரெ எடுத்துக் களைஞ்சிரு. கம்பெனி பேரு மட்டும் மதி."

மேனேஜர் சார் அங்கேயே நின்றிருந்தார். ஃபேக்ஸை எடுத்து நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மதியம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டு நான்தான் பேச்சைத் தொடங்கினேன். "சார், கறுப்பில வைச்சா ஒரு பிரச்சனையும் இல்ல. பேரு கிடக்கும். உங்களுக்கு சர்வீஸ்ல போட்ட பச்ச போதாதா?"

"சர்வீஸ்ல எனக்கு ஏது மக்கா பச்ச?" என்றார். "நான் நாலாம் கிளாசுவரை உள்ள எல்.பி. ஸ்கூல் ஹெட்மாஸ்டராக்கும். கெசட்டட் இல்ல. பிள்ளையளுக்கு சர்ட்டிபிகேட்டுல ஒப்பு போடணும்னு ஆளுவ என்கிட்ட வருவினும். நான் அவங்கள மாட்டு டாக்டர்கிட்ட அனுப்புவேன். அவருக்கு உண்டு, எனக்கு இல்ல. முப்பது வருசம் அனுப்பினேன்."

பிறகு மோரை ஊற்றிச் சோற்றைப் பிசைந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. கேலிக்காக நான் எடுத்துப் போட்ட நிறத்தைத்தான் அந்த மனிதர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்திருக்கிறார்.

முதலாளியிடம் போய், அடுத்த ஒரு மெயிலுக்கு மட்டும் அவகாசம் கேட்டேன். "அந்த அம்மா இன்னொரு பரிபவம் சொன்னா பேரு அங்கயே தீர்ந்துது" என்று சொல்லிச் சம்மதித்தார்.

நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஓர் இன்டர்நெட் சென்டர் இருந்தது. அலுவலகத்திலிருந்து எனக்கே மெயில் அனுப்பிவிட்டு, அங்கே போய்த் திறந்து பார்த்தேன். வெப்மெயிலில் பச்சையே இல்லை. வெறும் கறுப்பு. அதே சென்டரில் இன்னொரு கணினியில் வேறொரு மெயில் புரோகிராம் இருந்தது. அதில் பச்சை இருந்தது, நெளிந்த எழுத்து இல்லை. பெயர் பெரிதாகி இரண்டு வரியாக உடைந்து கிடந்தது. ஒரே மெயிலுக்கு மூன்று இடத்தில் மூன்று முகம்.

யோசிக்க யோசிக்கத் தப்பெல்லாம் என்னுடையது என்று தெரிந்தது. எழுத்துரு மெயிலோடு பயணம் செய்வதில்லை, அதன் பெயர் மட்டுமே போகிறது. அந்தப் பெயரில் எழுத்துரு இல்லாத கணினி தன்னிடம் உள்ளதைப் போட்டுக்கொள்கிறது. நிறத்தையும் எழுத்தையும் நான் மெயிலின் தலைப்பகுதியில் ஒரே இடத்தில் எழுதிவைத்திருந்தேன். வெப்மெயில் அந்தத் தலைப்பகுதியை வெட்டிவிட்டு உடலை மட்டும் காட்டியது. கிளிப்பச்சையோ திரையில் மின்னும், கறுப்பு மை பிரிண்டரில் வெளிறிப்போகும்.

எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்திலேயே அதனதன் நிறமும் எழுத்துருவும். எந்தக் கணினியிலும் இருக்கும் சாதாரண எழுத்துரு முதலில், அது இல்லாவிட்டால் இன்னொன்று, அதுவும் இல்லாவிட்டால் அந்த இனத்தில் கிடைப்பது எதுவாயினும். பச்சையை மட்டும் நானே முடிவுசெய்யவில்லை. பழைய கணினித் திரைகளிலும் மாறாத நிறங்கள் என்று ஒரு பட்டியல் இருந்தது. அதிலிருந்த பச்சைகளை வரிசையாக வைத்து அச்சிட்டு மேனேஜர் சாரிடம் நீட்டினேன். அச்சில் எல்லாமே கறுப்பும் சாம்பலும்தான். அவர் அதில் நன்றாகப் படிக்க முடிந்தவற்றைக் குறித்துக்கொண்டு, திரையில் அவற்றை மட்டும் பார்த்து ஒன்றைத் தொட்டார். வாழையிலையின் மேற்புறத்தைவிடக் கொஞ்சம் கறுத்த பச்சை.

மறுபடியும் சென்டருக்குப் போனேன். இம்முறை இரண்டு கணினியிலும் ஒரே வரி, ஒரே பச்சை. எழுத்துகள் மயிரிழை அகலம் முன்பின் இருந்தன. அதற்குமேல் என் கையில் இல்லை.

மெயில் ஜெர்மனிக்குப் போனது. நான்கு நாள் பதில் இல்லை. அந்த நான்கு நாளும் மேனேஜர் சார் எந்தக் காற்புள்ளியையும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை பதில் வந்தது. முதலாளி என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். ஆர்டர் உறுதி, சரக்கு எப்போது கிளம்பும் என்ற கேள்வி, அவ்வளவுதான். பெயரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவர் "செரி, கிடக்கட்டு" என்று சொல்லிவிட்டு ஷீட் இறக்கும் இடத்துக்குப் போய்விட்டார்.

மேனேஜர் சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆர்டரைப் படிக்கவில்லை. "கீழ போ" என்றார். அந்த அம்மாளின் பதிலுக்கு அடியில், நாங்கள் அனுப்பிய மெயில் அப்படியே ஒட்டிக்கொண்டு திரும்பி வந்திருந்தது. அதன் கடைசியில் அவருடைய பெயர், பச்சையாக.

"இது அங்க போயிட்டு வந்ததாக்கும்?"

"ஆமா சார். அங்க போயிட்டு வந்தது."

நிறைய நேரம் பார்த்தார். இதற்குமேல் மறைக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றியது. "சார், முதல்ல அந்தக் கிளிப்பச்சைய நான் உங்கள களியாக்கத்தான் வைச்சேன்."

"அறியும்" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அப்பளே அறியும். சொன்னா நீ கறுப்புக்கு மாத்திப்போடுவ இல்லியா. அதான் ஒண்ணும் மிண்டாம இருந்தேன்."