நேராகப் போகாத கோடு

மேல்விஷாரத்துப் பள்ளியில் ஹெலன் மிஸ் அறிவியல் ஆசிரியை. நான் தமிழ். பார்க்காததைப் பார்த்ததாக எழுதும் பிள்ளையை மட்டும் அவரால் பொறுக்கவே முடியாது. பதினெட்டு வருஷமாக அப்படித்தான்.

ஒன்பதாம் வகுப்பில் வருஷா வருஷம் ஒரு பயிற்சித்தாள் கொடுப்பார். ஐஸைச் சூடாக்கி, நிமிஷத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்து, வரைபடம் போட வேண்டும். ஐஸ் உருகி முடியும்வரை கோடு பூஜ்யத்தில் படுத்துக்கிடக்கும். கொடுக்கும் சூடெல்லாம் துகள்களின் பிடியைத் தளர்த்தவே செலவாகிறது, வெப்பநிலையை ஏற்ற மிச்சமில்லை. கொதிக்கும்போதும் இதே கதைதான். ஆனால் அங்கே துகள்கள் அடியோடு பிரிந்து போகவேண்டும். அதனால் சூடு பல மடங்கு தேவை, கோடும் நெடுநேரம் படுத்திருக்கும்.

லேபில் ஃப்ரிட்ஜ் கிடையாது. பிள்ளைகளே வீட்டிலிருந்து பிளாஸ்கில் ஐஸ் கொண்டுவருவார்கள். இந்த வருஷம் ஜோதி என்ற பெண்ணின் கோடு மட்டும் படுக்கவில்லை. மைனஸ் மூன்று, மைனஸ் இரண்டு, மைனஸ் ஒன்று என்று ஐஸ் உருக உருக ஏறிக்கொண்டே போனது. தெர்மாமீட்டரைப் பார்க்காமல் இஷ்டத்துக்கு எழுதியிருக்கிறாள் என்று ஹெலன் மிஸ் முடிவு கட்டிவிட்டார். தாளில் குறுக்கே சிவப்புக்கோடு, வகுப்பின் முன்னால் பொய்க்காரி என்ற பட்டம். பார்த்ததைத்தான் எழுதினேன் என்று அவள் ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாளாம்.

ஜனவரியில் அடுத்த பிரிவுக்குச் செய்துகாட்ட மிஸ்ஸே ஐஸ் கொண்டுவந்தார். முந்தின நாள் வீட்டுக்குக் கேன் தண்ணீர் வரவில்லை, போர் தண்ணீரை ஊற்றி வைத்திருக்கிறார். கோடு நிற்கவில்லை. தெர்மாமீட்டரை மாற்றியும் பார்த்தார், அப்போதும் ஏறியது. உருகிய நீரை நாக்கில் வைத்தார். உப்புக் கரித்தது. உப்புக் கலந்த ஐஸ் பூஜ்யத்துக்குக் கீழேயே உருகத் தொடங்கி, ஏறிக்கொண்டேதான் உருகும். சுத்தமான பொருளுக்குத்தான் கோடு படுக்கும் என்பது அவரே நடத்தும் பாடம்.

ஜோதி வீடு தோல் பதனிடும் டேனரிகளுக்குப் பின்பக்கம். கேன் தண்ணீர் அங்கே குடிக்க மட்டும்தான், ஐஸ் தட்டுக்கு யாரும் ஊற்றமாட்டார்கள். டேனரிகளின் உப்புக் கழிவு இறங்கி ஊர்த் தண்ணீர் இப்படி ஆனதற்கு அந்தப் பெண் என்ன செய்வாள்?

அன்றே ஸ்டாஃப் ரூமுக்கு அவளைக் கூப்பிட்டு, என் எதிரிலேயே மிஸ் மன்னிப்புக் கேட்டார்.

"நீ எழுதினதுதான் சரி. உன்ன நான் நம்பாம போய்ட்டேன்."

"பரவால்ல மிஸ்," என்றாள் ஜோதி. "அரையாண்டு பிராக்டிகல்லயும் அதே தண்ணி ஐஸ்தான் எடுத்தாந்தேன். அப்பவும் ஏறிச்சி. நான் பூஜ்யம்னே எழுதிட்டேன்."

அவள் போனதும் மிஸ் அலமாரியைத் திறந்து அந்தத் தாளைத் தேடி எடுத்தார். ஸ்கேல் வைத்துப் போட்ட நேர்க்கோடு. பக்கத்தில் முழு மதிப்பெண், அதற்குக் கீழே அவர் கையெழுத்திலேயே 'நன்று'.

மிஸ் அழுததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.