ஒற்றையாகத் தெரிந்த இழை

சோமனூரில் தறித்துணியைப் பரிசோதிக்கும் மேசையில் அன்புச்செல்வியின் கண்ணை ஏமாற்றி ஒரு குறையும் போனதில்லை. அப்படிப்பட்டவள்தான் சில மாதங்களாக நல்ல துணியிலெல்லாம் ‘இரட்டை இழை’ என்று சாக்பீஸால் குறிபோட்டுத் தள்ளினாள். ஓர் இழை ஓடவேண்டிய இடத்தில் இரண்டு சேர்ந்து ஓடினால் அது குறை. அவளுக்கோ எல்லா இழைக்கும் பக்கத்தில் நிழலாக இன்னொன்று தெரிந்தது. தறிக்காரர்கள் சண்டைக்கே வந்துவிட்டார்கள்.

முதலாளி ஆறுச்சாமி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "இந்தத் துணிக்கு என்ன கேடுங்க அம்மணி? கண்ணு சரியாகுலீன்னா மடிக்கிற பக்கம் போயிருங்க" என்றார்.

மடிப்பதற்குக் கை போதும். கண்ணால் சம்பாதித்த பேர் போய்விடுமே!

மூக்குக்கண்ணாடியை மாற்றிப் பார்த்தாள், பயனில்லை. மேசைக்கு எதிரே நிற்கும் லோகப்பிரியா போடுகிற மாதிரி, கண்ணின் மேலேயே ஒட்டி நிற்கும் சாஃப்ட் லென்ஸும் வாங்கினாள். போட்டதே தெரியாத சுகம். என்ன சுகம் இருந்து என்ன, பாழாய்ப்போன நிழல் நகர்ந்தால்தானே!

கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு கண் மருத்துவமனைக்குப் போனாள். கருவிழியைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், லென்ஸ் பொருத்தும் ஹாரிகாவிடம் அனுப்பினார். கிட்டப்பார்வைக்காரி லோகப்பிரியாவுக்குச் சரிப்படும் லென்ஸ் தனக்கு ஏன் சரிப்படவில்லை என்று அவளிடம் கேட்டாள் அன்புச்செல்வி.

"உங்க கருவிழி கூம்பு மாதிரி துருத்தியிருக்குக்கா. சாஃப்ட் லென்ஸ் அது மேல படிஞ்சு, அதே மேடுபள்ளத்தை வாங்கிக்கும். நீங்க சொல்ற லோகப்பிரியாவுக்கு வெறும் கிட்டப்பார்வை, அவங்களுக்கு அதே போதும். உங்களுக்கு காத்து புகுற கெட்டி லென்ஸ் வேணும். அது வளையாது. அடியில இருக்கிற இடைவெளியைக் கண்ணீர் நிரப்பி, பார்வையைச் சீராக்கிரும். மொதல்ல உறுத்தும், பொறுத்துக்கோங்க."

உறுத்தலா அது! மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருந்தது. "கண்ணு, கழட்டிப்போடுங்க, எனக்கு வேண்டாம்!" என்று அலறினாள். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. ஹாரிகா அவளைக் கீழே பார்க்கச் சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். கண்ணீர் அடங்கியதும் அன்புச்செல்வி நிமிர்ந்து பார்த்தாள். சுவரில் இருந்த எழுத்துகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றன. அதன்பிறகு கழட்டுகிற பேச்சே இல்லை.

தினமும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பழகினாள். சாஃப்ட் லென்ஸின் சுகம் வரவில்லை, ஆனால் தாங்க முடிந்தது. பஞ்சுத்தூசி லென்ஸுக்கு அடியில் புகுந்தால் உயிர் போகும் என்பதால், தறிக்கூடத்துக்குள் போகும்போது பக்கமும் மூடிய கண்ணாடி மாட்டிக்கொண்டாள்.

மேசைக்குத் திரும்பிய அன்று துணி சீராக ஓடியது. திடீரென்று ஓர் இடத்தில் இரண்டு இழை! நிழல் திரும்பிவிட்டதா? பயந்துகொண்டே பக்கத்து இழைகளைப் பார்த்தாள். எல்லாம் ஒற்றை. இது ஒன்றுதான் இரட்டை.

"ஏனுங்க, இங்க வந்து பாருங்க!"

ஆறுச்சாமி பூதக்கண்ணாடியோடு குனிந்தார். "அட, ஆமாங்க அம்மணி! நெசமாவே ரெண்டு!"

துணியில் குறை கண்டு ஒருத்தி இப்படிச் சிரித்து அந்தக் கிடங்கு பார்த்ததில்லை. சிரித்தபடியே அந்த இழைமேல் சாக்பீஸால் அழுத்தமாக ஒரு கோடு இழுத்தாள்.